மூக்கில் ஏறுவது காசு கொடுத்து வாங்கின தழைச்சத்து

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு அமோனியாவை யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு வெளியே ஓடினாங்க. பலர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அந்தக் குழாயில் வந்தது உரத்துக்கான மூலப்பொருள். உரமாகி வயலுக்குப் போயிருக்க வேண்டிய நைட்ரஜன், காற்றில் கலந்து மக்களின் நுரையீரலுக்குள் போனது.

அதே வாயு, ரொம்பச் சின்ன அளவில், ஒவ்வொரு கோழி எருக் குவியலிலிருந்தும் தினமும் கசியுது. கோழிப் பண்ணைக்குள் நுழைஞ்ச உடனே கண் எரியுதே, அது அமோனியாதான். நம்ம கல்லூரிகளில் வருஷா வருஷம் 'கழிவிலிருந்து உரம்' என்று ப்ராஜெக்ட் போடுறவங்க அந்த வாடையை ஒரு தொந்தரவாக மட்டும் பார்க்கிறாங்க. வாடையை மறைக்க ஒரு திரவம், சீக்கிரம் மட்க ஒரு பவுடர், கடைசியில் ஒரு போஸ்டர், அவ்வளவுதான். குவியலுக்குள் எவ்வளவு நைட்ரஜன் போனது, எவ்வளவு மிச்சம் வந்தது என்ற கணக்கு எந்தப் போஸ்டரிலும் என் கண்ணில் பட்டதில்லை. முதல் செமஸ்டரிலேயே நாம படிக்கிற நிறைச் சமநிலைதான் அது. அந்தக் கணக்கு இல்லாத மட்கு உர ப்ராஜெக்டுக்கு மதிப்பெண்ணே தரக் கூடாது என்பது என் கருத்து. கொஞ்சம் கடுமையாத் தெரியும். ஏன் சொல்றேன்னு பாருங்க.

முதலில் கோழி எருவும் மாட்டு எருவும் ஒண்ணு இல்லை. மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம், மணிச்சத்து 0.2, சாம்பல்சத்து 0.5 என்று வேளாண் கையேடுகள் சொல்லும். கோழி எருவில் அதே மூணும் சுமார் 3, 2.6, 1.4 சதவீதம். அதாவது தழைச்சத்து ஆறு மடங்கு, மணிச்சத்து பதிமூணு மடங்கு. 'ஏக்கருக்கு இத்தனை வண்டி எரு' என்று மாட்டு எருவுக்குப் பழகின கணக்கைக் கோழி எருவுக்கும் போட்டால் பயிர் கருகும். காரணம் எளிமையானது. கோழி சிறுநீர் தனியாகக் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதை யூரியாவாக்கி, அங்கிருந்து அமோனியாவாக்கும். மாட்டில் அந்தப் பங்கு பெரும்பாலும் மூத்திரத்தோடு தரையில் ஓடிப் போயிடும். நம்ம ஊரில் தொழுவத்தைக் கழுவிச் சாக்கடையில் விடும்போது பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்ச் சேருவதும் அதுதான்.

அமோனியா குவியலில் தங்குமா, பறக்குமா என்பதைத் தீர்மானிப்பது ரெண்டு விஷயம். ஒண்ணு, நுண்ணுயிர்களுக்குத் தின்னக் கார்பன் இருக்கா என்பது. கார்பன் இருந்தால் அவை அமோனியாவை எடுத்துத் தங்கள் உடம்பாக மாத்திக்கும். இல்லையென்றால் அது உபரியாக நிற்கும். ரெண்டாவது, பி.ஹெச். அறை வெப்பத்தில் பி.ஹெச். 7 என்றால் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வாயு வடிவில் இருக்கும். 8 ஆனால் ஐந்து பங்கு. 9 ஆனால் மூணில் ஒரு பங்குக்கும் மேல். மட்கும் குவியல் சூடாகவும் இருக்கும், சூட்டில் இந்த அளவு இன்னும் கூடும். இப்போ யோசிங்க: நாற்றம் வருதுன்னு குவியல் மேல் சுண்ணாம்புத் தூள் தூவுறாங்களே, அது பி.ஹெச்.ஐ ஏத்துது. ரெண்டு நாளில் வாடை குறையும், உண்மைதான். வாடைக்குக் காரணமான நைட்ரஜனே மொத்தமாகப் பறந்துபோயிருக்கும். அடுப்புச் சாம்பலும் இதே வேலையைச் செய்யும். தூவியே ஆகணும் என்றால் ஜிப்சமோ சூப்பர் பாஸ்பேட்டோ தூவலாம். அவை அமோனியாவைப் பிடிச்சு வைக்கும்.

கார்பன் எவ்வளவு வேணும்? ஒரு கணக்கைப் போட்டே பார்த்திடலாம்.

திருவள்ளூர் மாவட்டத்துக் கறிக்கோழிப் பண்ணை ஒண்ணிலிருந்து 100 கிலோ ஆழ்கூள எரு வருதுன்னு வைங்க. ஈரம் 25 சதவீதம், நைட்ரஜன் 3 கிலோ, கார்பன் 30 கிலோ. கார்பன்–நைட்ரஜன் விகிதம் 10. நல்லா மட்க இந்த விகிதம் தொடக்கத்தில் 25க்குப் பக்கத்தில் இருக்கணும். சேர்க்கப் போறது நறுக்கின வைக்கோல்: 100 கிலோவில் கார்பன் 40 கிலோ, நைட்ரஜன் 0.6 கிலோ. சமன்பாட்டைத் தீர்த்தால் 180 கிலோ வைக்கோல் வேணும் என்று வரும். மொத்தக் கார்பன் 102 கிலோ, நைட்ரஜன் 4.08 கிலோ, விகிதம் 25. எருவை விட வைக்கோல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! விகிதம் 20 போதும் என்று இறங்கி வந்தாலும் 107 கிலோ, அதாவது எருவுக்குச் சம எடை. நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது என்ன? ஒரு சாக்கு எரு, மேலே ஒரு கை காய்ந்த இலை.

அடுத்தது தண்ணீர். இந்தக் கலவையில் உலர் பொருள் 237 கிலோ, தண்ணீர் 43 கிலோதான். நுண்ணுயிர்களுக்கு 55 சதவீத ஈரம் வேணும் என்றால் இன்னும் சுமார் 250 லிட்டர் ஊற்றணும். 'ஈரமா இருந்தா நாறும்' என்று பயந்து பத்து லிட்டர் தெளிச்சுட்டு விட்டால் குவியல் மூணு நாள் சூடாகி, பிறகு அப்படியே காய்ந்து நின்னுடும். இந்த இடத்தில்தான் நம்ம ஏரியா மாட்டுச் சாணி உதவும். புதுச் சாணியில் 80 சதவீதம் தண்ணீர். அதன் விகிதமும் 20, 25 பக்கம்தான் இருக்கும் என்பதால் கணக்கைக் கெடுக்காது. 100 கிலோ சாணி சேர்த்தால் ஊற்ற வேண்டிய தண்ணீர் 190 லிட்டராகக் குறையும், நுண்ணுயிர்களும் இலவசமாக வந்து சேரும். காசு கொடுத்து வாங்கும் பவுடர் இதுக்கு மேல் பெருசா எதையும் செய்றதா எனக்குத் தோணலை.

கணக்கு சரியாக இருந்தும் குவியல் சூடாகாமல் போவதுண்டு. பண்ணையில் விரிப்பாக நெல் உமி போட்டிருந்தால், ஆய்வுக்கூடத்தில் கார்பன் நிறையக் காட்டும். ஆனால் உமியில் சிலிக்காவும் லிக்னினும் அதிகம், நுண்ணுயிர்களால் அதைச் சட்டென்று தின்ன முடியாது. தென்னை நார்க்கழிவிலும் லிக்னின் பிரச்சினை உண்டு, ஆனால் அது தண்ணீரை நல்லாப் பிடிச்சு வைக்கும். அதனால் விரிப்பு உமியாக இருந்தால் அந்தக் கார்பனைப் பாதியாகவே எடுத்துக்கணும் என்று நான் சொல்வேன். துறைமுகப் பக்கம் மலிவாகக் கிடைக்குதேன்னு பேக்கிங் பலகைத் தூளையும் பிளைவுட் தூளையும் வாங்கிப் போடாதீங்க. பசை, பெயின்ட், பூச்சி மருந்து எல்லாம் அதோடு வரும்.

இனி வெப்பம். எருவை மட்க வைப்பதன் பாதிக் காரணமே அதுதான். கோழி எருவில் சால்மொனெல்லாவும் மாட்டுச் சாணியில் ஈ.கோலையும் இருக்கலாம். பன்றி எருவில் உருளைப்புழு முட்டை வேற. அது ஓடு தடித்த முட்டை, வெயிலில் காயப் போட்டால் மட்டும் சாகாது. இவற்றை ஒழிக்க அமெரிக்காவில் வரிசைக் குவியலுக்கு வைத்திருக்கும் விதி இது: குவியல் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் இருக்கணும், அந்த 15 நாளில் குறைந்தது ஐந்து தடவை புரட்டணும். புரட்டுவது வெறும் காற்றுக்காக இல்லை. குவியலின் வெளித்தோல் எப்போதும் குளிராகவே இருக்கும், அங்கே இருக்கிற கிருமி பத்திரமாகப் பிழைச்சிருக்கும். வெளியே இருப்பதை உள்ளே தள்ளினால்தான் அதுக்கும் சூடு படும்.

அதனால்தான் இருபது லிட்டர் பக்கெட் ப்ராஜெக்ட் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. வெப்பம் உருவாவது கன அளவைப் பொறுத்து, இழப்பது மேற்பரப்பைப் பொறுத்து. பக்கெட்டில் மேற்பரப்பு அதிகம், அதனால் உள்ளே உருவாகும் சூடெல்லாம் சுவர் வழியே போயிடும். நீளம், அகலம், உயரம் எல்லாம் குறைந்தது ஒரு மீட்டர் இருந்தால்தான் நடுவில் 55ஐத் தொட்டு நிற்கும். மேலே போட்ட கணக்கின் மொத்த எடை 570 கிலோ, அது இந்த அளவுக்கு நல்லாவே போதும். பக்கெட்டில் வந்த பொருள் கறுப்பா, மண் வாசனையோட இருக்கலாம். அதில் கிருமி செத்ததா என்று கேட்டால் பதில் இல்லை. காய்கறித் தோலை மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை. கோழி எரு போட்டிருந்தால் அந்தப் பதில் கட்டாயம் வேணும்.

குவியல் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நீளத் தண்டு வெப்பமானி ஒண்ணு, அதோட உங்க மூக்கு. அமோனியா வாடை வந்தால் கார்பன் பத்தலை, வைக்கோல் சேருங்க. அழுகின முட்டை வாடையோ புளிச்ச வாடையோ வந்தால் ஈரம் மிஞ்சிக் காற்று போகலை, புரட்டி விடுங்க. வாடையே இல்லாமல் உள்ளே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக, தூளாக இருந்தால் காய்ந்துபோச்சு, தண்ணீர் ஊற்றுங்க. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்க்கணும், ஒழுகக் கூடாது. புரட்டி, ஈரமும் சரியாக இருந்து, அப்புறமும் சூடு ஏறலைன்னா சூட்டுக் கட்டம் முடிஞ்சது என்று அர்த்தம். ஆனால் உடனே வயலுக்குப் போகக் கூடாது. இன்னும் ஒரு மாதமாவது ஆறவிடணும். பிறகு ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் கரைச்சு வடிகட்டி, அதில் கொஞ்சம் கடுகோ முள்ளங்கி விதையோ முளைக்கப் போடுங்க. பக்கத்தில் வெறும் தண்ணீரில் அதே எண்ணிக்கை. உரத் தண்ணீரில் முளைப்பு கணிசமாகக் குறைந்தால் உரம் இன்னும் பதப்படலை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். இவ்வளவு பாடுபட்டாலும் நைட்ரஜனில் ஒரு பங்கு பறக்கத்தானே போகுது? ஆமாம். கவனமில்லாத குவியலில் பாதி வரை போகும். முக்கால் பங்கைக் காப்பாற்றினால் அதை நல்ல குவியல் என்பேன். அப்போ பச்சையாகவே வயலில் போட்டு உடனே உழுதுட்டால் நைட்ரஜன் அதிகம் மிஞ்சாதா? மிஞ்சும். சத்துக் கணக்கு மட்டும் பார்த்தால் அதுவே லாபம். நாலைஞ்சு மாதம் நிற்கிற நெல்லுக்கு, நடவுக்கு முன்னாலேயே மண்ணுக்குள் புதைப்பதாக இருந்தால் அதை நான் எதிர்க்க மாட்டேன்.

ஆனால் கீரைக்குக் கூடவே கூடாது. பச்சை எரு போட்டால், மண்ணைத் தொடும் விளைச்சலை அறுக்க 120 நாள் இடைவெளி வேணும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. மண்ணைத் தொடாத விளைச்சலுக்கு 90 நாள். நம்ம சிறுகீரையின் மொத்த ஆயுளே ஒரு மாதம் பக்கம்தான். 120 நாள் இடைவெளி என்பது அங்கே நடக்காத காரியம். கொத்தமல்லித் தழையையும் முள்ளங்கியையும் நாம பச்சையாகவே சாப்பிடுறோம். ராயபுரம் மார்க்கெட்டில் கட்டு வாங்குகிறவருக்கு அந்தப் பாத்தியில் என்ன எரு போட்டாங்க என்று தெரிய வழியே இல்லை. அதைப் பார்த்துக்க வேண்டியது எரு தயாரிக்கிறவர் மட்டும்தான்.

சரி, பதமான உரம் வந்தாச்சு. எவ்வளவு போடலாம்? 'இதைப் போட்டால் ரசாயன உரமே தேவையில்லை' என்று போஸ்டரில் எழுதுவாங்க. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ஒரு ஏக்கர் நெல்லை எடுத்துக்குவோம். நடுத்தர வயது ரகத்துக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50, அதாவது ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 20, சாம்பல்சத்து 20. தழைச்சத்து முழுவதையும் கோழி எருவிலிருந்தே கொடுக்கப் பார்த்தால், அதில் பாதிதான் அந்தப் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும் என்ற கணக்கில் 4 டன் எரு வேணும். கூடவே 104 கிலோ மணிச்சத்தும் இறங்கும். தேவைக்கு ஐந்து மடங்கு. மட்க வைப்பதால் இது சரியாகாது, இன்னும் மோசமாகும். ஏன்னா மட்கும்போது நைட்ரஜன் பறக்கும், மணிச்சத்து அப்படியே தங்கும். வருஷா வருஷம் இப்படிப் போட்டால் மிச்ச மணிச்சத்து மண்ணில் ஏறிக்கிட்டே போய், மழையில் மண்ணோடு சேர்ந்து கொசஸ்தலையாற்றில் இறங்கும். அந்த ஆறு கடலைத் தொடுவது நம்ம எண்ணூர் முகத்துவாரத்தில். சாம்பலையும் எண்ணெயையும் ஏற்கெனவே சுமக்கிற முகத்துவாரத்துக்குப் பாசி வளர்க்கும் சத்தையும் நாமே அனுப்பணுமா?

அதனால் மணிச்சத்தை வைத்துத்தான் அளவு போடணும். 20 கிலோ மணிச்சத்துக்கு 770 கிலோ கோழி எரு. அவ்வளவு எருவிலிருந்து செய்த மட்கு உரம் ஒரு ஏக்கருக்குப் போதும். அதில் உள்ளே போன தழைச்சத்து 23 கிலோ, மட்கின பின் 17 கிலோ பக்கம், முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது அதில் மூணில் ஒரு பங்கு என்று வைத்தால் ஆறு கிலோவுக்கும் குறைவு. மீதி 54 கிலோவுக்கு 45 கிலோ யூரியா மூட்டை ரெண்டரையாவது வேணும், அல்லது பசுந்தாள் உரம் விதைச்சு உழணும். மணலியில் மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் தயாரிக்கிற 'விஜய்' யூரியாவை நம்ம குவியல் ஒழிச்சுக்கட்டப் போவதில்லை. மண்ணின் கரிமச்சத்தைக் கூட்டும், மணிச்சத்துச் செலவை மிச்சப்படுத்தும், அடுத்தடுத்த போகங்களுக்குக் கொஞ்சம் தழைச்சத்தை விட்டு வைக்கும். இதைச் சொன்னாலே போதும், விவசாயி நம்புவார். பொய் சொல்லி, முதல் போகத்தில் பயிர் வெளுத்தால் அடுத்த தடவை யார் போனாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிடுவார்.

மீஞ்சூருக்கு இன்னொரு தனிக் கவலை உண்டு, உப்பு. பல பத்தாண்டுகளாக ஆழ்குழாய்க் கிணறுகளில் அளவுக்கு மீறித் தண்ணீர் எடுத்ததால் அங்கே நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. கோழி எருவிலும் உப்பு அதிகம். உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் குப்பை உரத்துக்கு மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கு. நம்ம கல்லூரி ஆய்வகத்தில் ஐந்து நிமிஷத்தில் அளக்கக்கூடியது இது. அளவு தாண்டினால், உப்புத் தண்ணீர் பாயும் நிலத்துக்கு அந்த உரத்தைக் கொடுக்காதீங்க.

கடைசியா உலோகம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மாடு போடுற சாணியை ரோட்டிலிருந்து அள்ளினால் கூடவே லாரி டயர்த் தூளும் ஆலைத் தூசியும் வரும். அதே ஆணையில் ஈயத்துக்கு வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியத்துக்கு 5, துத்தநாகத்துக்கு 1000. மட்கும்போது உலர் எடை பாதியாகக் குறையும், உலோகம் குறையாது. உள்ளே போகும்போது 55 மில்லிகிராம் ஈயம் இருந்த உலர் சரக்கு, வெளியே வரும்போது 110 ஆகி வரம்பைத் தாண்டிடும். பன்றி எருவிலும் தீவனத்தில் சேர்க்கும் செம்பும் துத்தநாகமும் இதே மாதிரி செறிவாகும். அதனால் சோதனைக்கு அனுப்புவது முடிஞ்ச உரமாக இருக்கணும், தொடக்கச் சரக்கு இல்லை. சாணியை ரோட்டில் அள்ளாமல் தொழுவத்திலேயே வாங்கிக்கிட்டால் இந்தத் தலைவலியில் பெரும்பங்கு இருக்காது.

இந்த வருஷம் யாராவது இதை ப்ராஜெக்டாக எடுக்கப் போறீங்கன்னா, ஜூனிலேயே தொடங்குங்க. பதினைந்து நாள் சூடு, அப்புறம் குறையும் சூட்டில் சில வாரம், ஒரு மாதம் ஆற வைப்பது எல்லாம் சேர்ந்து செப்டம்பர் ஆயிடும். சம்பா நடவுக்கான கடைசி உழவுக்கு உரம் கையில் இருக்கும். அக்டோபரில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை குவியலை நனைச்சுச் சத்தைக் கரைச்சு எடுத்துட்டுப் போகும். வேற வழியில்லாமல் அப்போதான் தொடங்கணும் என்றால் மேடான தரை, மேலே தார்ப்பாய், சுற்றிலும் ஒரு சின்ன வரப்பு இந்த மூணும் வேணும். வரப்புக்குள் தேங்கும் கறுப்புத் தண்ணீரைக் கால்வாயில் விடாமல் திரும்பக் குவியல் மேலேயே ஊற்றுங்க.